இரகசியப் பரிசுக் குலுக்கல்: எங்கே கசிகிறது, எப்படி அடைப்பது

கோலாலம்பூர் அலுவலகம் ஒன்றில் ஒரே தளத்தில் வேலை செய்யும் எட்டுப் பேர், தீபாவளி திறந்த இல்ல உபசரிப்பின்போது பரிசு பரிமாறிக்கொள்ள முடிவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பரிசின் விலை 50 ரிங்கிட்டைத் தாண்டக்கூடாது. யார் யாருக்குக் கொடுக்கிறார் என்பது பரிசைப் பிரிக்கும் வரை யாருக்கும் தெரியக்கூடாது. சுழல்நேர வேலை, விடுப்பு, வீட்டிலிருந்து வேலை என்று ஆளுக்கொரு பக்கம் இருப்பதால், ஒரே மேசையைச் சுற்றி நின்று சீட்டு எடுப்பது நடவாது. ஆகவே குலுக்கலை ஒருவர் நடத்தி, ஒவ்வொருவருக்கும் அவரவர் பெயரை வாட்சாப் புலனத்தில் தனிச்செய்தியாக அனுப்புகிறார்.

எடுத்துக்காட்டுக்கு அந்த எட்டுப் பேரை கவிதா, முகிலன், சுமதி, இராமன், தேவி, பிரகாஷ், நளினி, அன்பழகன் என்று அழைப்போம். இவர்களில் சுமதியும் பிரகாஷும் கணவன் மனைவி. வீட்டுக்குள்ளேயே பரிசு சுற்றினால் சுவை இல்லை என்பதால், இருவரும் ஒருவருக்கொருவர் வரக்கூடாது என்பது நிபந்தனை. கீழே உள்ள எல்லாத் திருத்தங்களும் இந்த எட்டுப் பேரை வைத்தே சொல்லப்படுகின்றன.

அறிகுறி: ஒருவருக்கு அவருடைய பெயரே வந்துவிட்டது

இது அபூர்வமாக நேரும் விபத்து என்றே பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இதுதான் வழக்கம். எட்டுப் பெயர்களை எட்டுப் பேருக்குப் பகிர்ந்தளிக்க 40,320 வகைகள் உள்ளன. அவற்றில் ஒருவருக்குமே சொந்தப் பெயர் விழாத வகைகள் 14,833 மட்டுமே. அதாவது நூறு முறை குலுக்கினால் ஏறக்குறைய 63 முறை யாராவது ஒருவருக்குத் தம் பெயரே வரும். ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் இந்த விகிதம் அநேகமாக மாறுவதில்லை.

இந்த நிலையில் பெரும்பாலான ஏற்பாட்டாளர்கள் செய்வது, சொந்தப் பெயர் வந்தவரை இன்னொருவரோடு மாற்றிக்கொள்ளச் சொல்வது. இராமன் தம் பெயரையே எடுத்து, அதைத் தேவியோடு மாற்றிக்கொண்டால், தேவிதான் இனி இராமனுக்குக் கொடுப்பவர் என்பது இராமனுக்குத் தெரிந்துவிடும். இராமன் யாருக்குக் கொடுக்கிறார் என்பது தேவிக்கும் தெரிந்துவிடும். ஒரு பிழையைத் திருத்தப் போய் இரண்டு இரகசியங்கள் போகின்றன.

இதற்கான மருந்து, பெயர்களைத் தனித்தனியாக எடுக்காமல் ஒரே வளையமாக அமைப்பது. எட்டுப் பெயர்களையும் ஒருமுறை கலைத்து வரிசையாக எழுதிக்கொண்டு, ஒவ்வொருவரும் தமக்கு அடுத்துள்ளவருக்குக் கொடுப்பார், கடைசியில் உள்ளவர் முதலாமவருக்குக் கொடுப்பார் என்று வைத்துவிட்டால், சொந்தப் பெயர் விழுவதற்கு வழியே இல்லை. விரிதாளில் இதைச் செய்வது எளிது. `A1` முதல் `A8` வரை பெயர்களை எழுதி, `B` நெடுவரிசையில் பின்வருமாறு இட வேண்டும்.

```
B1:  =A2      (B7 வரை கீழே இழுக்கவும்)
B8:  =A1
```

பிறகு `A1:A8` பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து, கூகுள் விரிதாளில் `Data` பட்டியலில் உள்ள `Randomize range` என்பதை அழுத்தினால் பெயர்கள் கலைந்து, `B` நெடுவரிசை தானாகவே பொருந்திவிடும். சுமதியும் பிரகாஷும் அடுத்தடுத்து வந்துவிட்டால் (முதல் இடமும் கடைசி இடமும் அடுத்தடுத்தவையே), முழு வரிசையையும் மீண்டும் கலைக்க வேண்டும். ஒரு பெயரைக் கையால் நகர்த்தி வைப்பதைத் தவிர்ப்பது நல்லது, ஏனெனில் கை நகர்த்தும்போது அதில் நம் விருப்பமும் புகுந்துவிடுகிறது. எட்டுப் பேர் வளையத்தில் குறிப்பிட்ட இருவர் பக்கத்தில் அமைவதற்கான வாய்ப்பு ஏழில் இரண்டு என்பதால், பெரும்பாலும் ஓரிரு முறை கலைத்தாலே போதும்.

நம் எடுத்துக்காட்டில் கிடைத்த வளையம் இது: தேவி → முகிலன் → சுமதி → அன்பழகன் → கவிதா → பிரகாஷ் → இராமன் → நளினி → மீண்டும் தேவி.

வளையத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மூன்று பேர் மட்டுமே இருந்தால், தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று தெரிந்த கணமே ஒருவருக்கு மற்ற எல்லாமும் தெரிந்துவிடும். நான்கு பேர் என்றால், தாம் யாருக்குக் கொடுக்கிறோம் என்று அறிந்தபின் மீதமிருப்பது இரண்டே வகைகள். ஐந்து பேருக்குக் குறைந்த குழுவில் இரகசியக் குலுக்கல் என்பது பெயரளவில்தான் இரகசியம்.

அறிகுறி: இருவருக்கு ஒரே பெயர், இன்னொருவருக்கு யாருமே இல்லை

இந்தக் கோளாறு பெரும்பாலும் பரிசு கொடுக்கும் நாளில்தான் வெளிப்படுகிறது. ஒருவர் இரண்டு பொட்டலங்களோடும் இன்னொருவர் வெறுங்கையோடும் நிற்பார். காரணம் இரண்டில் ஒன்றாகவே இருக்கும்.

முதற்காரணம், விரிதாளில் `=RAND()` என்ற சூத்திரத்தைப் பெயர்களுக்குப் பக்கத்தில் இட்டு, அந்த எண்களின் வரிசைப்படி பெயர்களைத் தானாக அடுக்கவைப்பது. அந்தச் சூத்திரம் தாளில் எங்கே, எதை மாற்றினாலும் புதிய எண்களை உருவாக்கும். தேவிக்குச் செய்தி அனுப்பிவிட்டு, அவர் பெயருக்கு எதிரே "அனுப்பியாயிற்று" என்று தட்டச்சு செய்த மறுநொடியே முழு வரிசையும் மாறியிருக்கும். ஏற்பாட்டாளர் அதைக் கவனிக்காமல் அடுத்தவருக்குப் புதிய வரிசையிலிருந்து பெயர் அனுப்புவார். கலைத்து முடித்தவுடன் இரண்டு நெடுவரிசைகளையும் நகலெடுத்து, வேறோர் இடத்தில் `Ctrl+Shift+V` கொண்டு மதிப்புகளாக மட்டும் ஒட்டி, அந்த நகலிலிருந்தே செய்திகளை அனுப்ப வேண்டும். மேலே சொன்ன `Randomize range` அழுத்தும்போது மட்டுமே கலைக்கும் என்பதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

இரண்டாவது காரணம் இன்னும் எளியது: முந்தைய செய்தியை நகலெடுத்து, கொடுப்பவரின் பெயரை மாற்றிவிட்டு, பெறுபவரின் பெயரை மாற்ற மறந்துபோவது. இதைத் தடுக்க, செய்தியின் வணக்கமும் விதிகளும் அடங்கிய பகுதியை எல்லாருக்கும் ஒரே மாதிரியாக முதலில் அனுப்பிவிட்டு, பெறுபவரின் பெயரை மட்டும் தனியாக அனுப்புவது நலம்.

சோதனை செய்வதற்கு யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. அனுப்பிய பெயர்களை ஒவ்வொரு உரையாடலிலிருந்தும் பார்த்து ஒரு தாளில் எழுதி, அகர வரிசையில் அடுக்கி, பங்கேற்பவர் பட்டியலோடு ஒப்பிட்டால் போதும். இரண்டும் வரிக்கு வரி பொருந்தினால் குலுக்கல் சரி. விரிதாளைப் பார்த்து ஒப்பிடுவதில் பயனில்லை, பிழை அனுப்பியதில் இருக்கிறதே தவிரத் தாளில் இல்லை.

அறிகுறி: பக்கத்து இருக்கைக்காரர் பெயரைப் பார்த்துவிட்டார்

ஏற்பாட்டாளர் எவ்வளவு கவனமாக அனுப்பினாலும், பெறுபவரின் கைப்பேசி உணவு மேசையில் திரை மேலே தெரிய வைக்கப்பட்டிருந்தால், பூட்டிய திரையிலேயே செய்தியின் முதல் வரிகள் மின்னும். அதைவிட மோசமானது அலுவலகக் கணினி. புலனத்தைக் கணினியோடு இணைத்து வைத்திருப்பவருக்கு, கூட்டத்தில் திரையைப் பெருந்திரையில் காட்டிக்கொண்டிருக்கும் நேரத்தில் "நீங்கள் பரிசு கொடுக்க வேண்டியவர்: முகிலன்" என்று மூலையில் தோன்றினால், முகிலன் உட்பட எல்லாரும் அதைப் படிப்பார்கள்.

சிலர் பெயரைச் செய்தியின் கடைசியில் தள்ளி எழுதுகிறார்கள். இது பாதி மருந்துதான். பூட்டிய திரையில் மறைந்தாலும், உரையாடலைத் திறந்தால் பெயர் அப்படியே கிடக்கும், அதை இன்னொருவருக்கு அனுப்பவும் முடியும்.

இதைவிட நல்ல வழி, பெயரை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் படமெடுத்து, ஒருமுறை மட்டும் பார்க்கக்கூடிய படமாக அனுப்புவது. படத்தைத் தேர்ந்தெடுத்தபின் எழுதும் பெட்டியின் ஓரத்தில் வட்டத்துக்குள் 1 என்று தெரியும் குறியை அழுத்தி அனுப்பினால், பெறுபவர் அதை ஒரே ஒரு முறைதான் திறக்க முடியும். மூடிய பிறகு அது மறைந்துவிடும். அறிவிப்பில் படம் வந்திருக்கிறது என்பது மட்டுமே தெரியும். அதை வேறொருவருக்கு அனுப்ப இயலாது, கைப்பேசியில் திரைப்பிடிப்பும் எடுக்க இயலாது. எழுத்துச் செய்திக்கு இந்த வசதி இல்லை என்பதால்தான் தாளில் எழுதிப் படமெடுக்க வேண்டியிருக்கிறது. இன்னொரு கைப்பேசியால் திரையைப் படம் எடுப்பதை எதுவும் தடுக்காது. ஆனால் அவ்வளவு தூரம் போகிறவர் எந்த முறையிலும் போவார்.

இதில் கவனிக்க வேண்டியவை இரண்டு. படத்தை 14 நாள்களுக்குள் திறக்காவிட்டால் அது தானாகவே காலாவதியாகிவிடும், ஆகவே ஊரில் இல்லாதவருக்குத் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி வைக்க வேண்டும். அனுப்பியவராலும் அந்தப் படத்தை மீண்டும் பார்க்க முடியாது. அதனால் அனுப்பும்போதே ஒவ்வொரு பெயரையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டால்தான் மேலே சொன்ன ஒப்பீட்டைச் செய்ய முடியும். இரண்டு வாரம் கழித்து யாராவது "எனக்கு யார் வந்தார் என்பது மறந்துவிட்டது" என்று கேட்டால் பதில் சொல்லவும் அந்தக் குறிப்புதான் உதவும். இந்தக் கேள்வி வராத குலுக்கல் இல்லை.

அறிகுறி: ஒருவரின் செய்தி இன்னொருவருக்குப் போய்விட்டது

கவிதாவுக்குப் போக வேண்டிய "பிரகாஷ்" என்ற செய்தி இராமனுக்குப் போய்விட்டது, அது கவிதாவுக்கு உரியது என்பதும் செய்தியிலேயே தெரிகிறது என்று கொள்வோம். உடனே `Delete for everyone` கொண்டு அழிக்கலாம். அனுப்பி இரண்டு நாள்களுக்குச் சற்று மேல் வரை அது இயலும். ஆனால் அழித்த இடத்தில் ஒரு செய்தி நீக்கப்பட்டது என்ற குறிப்பு நிற்கும், அறிவிப்பில் அதற்குமுன் அவர் படித்திருக்கவும் கூடும். நீலக் குறி விழவில்லை என்பது படிக்கவில்லை என்பதற்குச் சான்று ஆகாது. எனவே இராமன் பார்த்துவிட்டார் என்றே கொண்டு திருத்துவதுதான் பாதுகாப்பு.

மற்றவர்களுக்கு இன்னும் அனுப்பவில்லையென்றால் முழுவதையும் மீண்டும் கலைப்பது மேல். எல்லாருக்கும் அனுப்பியாயிற்று, பலர் கடைவீதிக்கே போய்விட்டார்கள் என்றால், வளையத்தில் ஒரே ஒருவரைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம். இங்கே கசிந்தது கவிதா → பிரகாஷ் என்ற இணைப்பு. பிரகாஷை அவர் இடத்திலிருந்து எடுத்து, நளினிக்கும் தேவிக்கும் நடுவில் வைத்தால் வளையம் இப்படி ஆகும்: தேவி → முகிலன் → சுமதி → அன்பழகன் → கவிதா → இராமன் → நளினி → பிரகாஷ் → தேவி.

இதில் மாற்றம் தெரிவிக்க வேண்டியவர்கள் மூவர்: கவிதா இனி இராமனுக்குக் கொடுப்பார், நளினி பிரகாஷுக்குக் கொடுப்பார், பிரகாஷ் தேவிக்குக் கொடுப்பார். மற்ற ஐவருக்கும் ஒன்றும் மாறவில்லை, அவர்களுக்கு இந்தக் குழப்பம் நடந்ததே தெரிய வேண்டியதில்லை. இராமனிடம் "அது தவறாக வந்த செய்தி, அந்தப் பெயர் மாற்றப்பட்டுவிட்டது" என்று மட்டும் சொன்னால் போதும். அவருக்கு மிஞ்சுவது, கவிதா பிரகாஷுக்குக் கொடுக்கவில்லை என்ற பயனற்ற செய்தி ஒன்றுதான். பெயர்க்கும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது சுமதி, பிரகாஷ் நிபந்தனை மீறப்படவில்லை என்பதையும், மாறும் மூவரும் இன்னும் பரிசு வாங்கவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அறிகுறி: ஏற்பாட்டாளரும் பங்கேற்கிறார், அவருக்கு எல்லாம் தெரிகிறது

நளினிதான் ஏற்பாட்டாளர் என்றால், இராமன் தமக்குக் கொடுப்பதை அவர் முதல் நாளே அறிவார். கண்ணை மூடிக்கொண்டு பட்டியலை அனுப்புவது என்பது சொல்ல நன்றாக இருக்கும், நடக்காது. குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரிடம் குலுக்கலை ஒப்படைப்பதுதான் இதற்கு நேரான வழி. ஈப்போவில் இருக்கும் நளினியின் தங்கை போதும். அவருக்கு இந்த எட்டுப் பேரில் நளினியைத் தவிர யாரையும் தெரியாது, ஆகவே அவர் அறிவதால் கெடுதி ஒன்றும் இல்லை.

இங்கே சிக்கல், அறிமுகமில்லாத எண்ணிலிருந்து வரும் செய்தியை யாரும் திறக்க மாட்டார்கள் என்பது. மோசடிச் செய்திகள் நிறைந்திருக்கும் இந்த நாளில் "நான் நளினியின் தங்கை, கீழேயுள்ள படத்தைத் திறக்கவும்" என்று வந்தால் தடை செய்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்போம். மேலும், சக ஊழியர்களின் எண்களை அவர்களைக் கேட்காமல் வெளியாரிடம் கொடுப்பதும் முறையன்று. இரண்டையும் ஒரே அடியில் தீர்க்க, தங்கையின் அனுமதியோடு அவரது எண்ணைக் குழுவில் போட்டு, ஒவ்வொருவரும் அந்த எண்ணுக்குத் தாமே முதலில் "நான் முகிலன்" என்பதுபோல ஒரு வரி அனுப்பச் சொல்லலாம். அதற்கு மறுமொழியாகவே படம் வரும். எண் கேட்டு அலைய வேண்டியதில்லை, ஐயமும் எழாது.

விலகல், மறதி, திருத்தம் எதுவானாலும் இனி எல்லாரும் தங்கையிடமே பேச வேண்டும். நளினியிடம் "எனக்குக் கவிதா வந்திருக்கிறார், அவருக்கு என்ன வாங்கலாம் அக்கா?" என்று யாராவது கேட்டுவிட்டால் மேற்கண்ட ஏற்பாடு முழுவதும் வீண்.

அறிகுறி: ஒருவர் விலகினார், அல்லது புதிதாக ஒருவர் சேர விரும்புகிறார்

வளையத்தின் அருமை இங்கேதான் விளங்கும். முதலில் கிடைத்த வளையமே நடப்பில் இருக்க, அன்பழகனை நிறுவனம் திடீரென்று ஜொகூர் பாருவுக்கு அனுப்பிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அவருக்குக் கொடுக்க வேண்டியவர் சுமதி. அவர் கொடுக்க வேண்டியவர் கவிதா. ஆகவே சுமதி இனி கவிதாவுக்குக் கொடுப்பார், அவ்வளவுதான். ஒரே ஒருவருக்கு ஒரே ஒரு புதிய படம். இருவரும் ஏற்கெனவே பரிசு வாங்கிவிட்டார்கள் என்றால் அதுவும் தேவையில்லை: அன்பழகன் கவிதாவுக்கு வாங்கியதை வேறொருவர் கையில் உறையிட்டுக் கொடுத்துவிட்டுப் போகலாம், சுமதி வாங்கியதை ஜொகூருக்கு அனுப்பலாம்.

வசந்தி என்பவர் புதிதாகச் சேர்ந்தால், இன்னும் வாங்காத ஒருவருக்குப் பின்னால் அவரைச் செருக வேண்டும். இராமன் வாங்கவில்லையென்றால் இராமன் → வசந்தி → நளினி. யார் வாங்கவில்லை என்பதைக் குழுவில் பொதுவாகக் கேட்டால், வசந்தி யாரிடம் போகிறார் என்பதை எல்லாரும் ஊகிப்பார்கள். ஆகவே எல்லாரிடமும் தனித்தனியாக, வசந்தியின் பெயரைக் குழுவில் சேர்ப்பதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.

அறிகுறி: செய்தி கசியவில்லை, ஆனாலும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது

பெயர் கசியாவிட்டாலும் நடத்தை கசியும். "உங்கள் சட்டை அளவு என்ன?" என்று முகிலனிடம் தேவி கேட்ட மாத்திரத்தில் கதை முடிந்தது. குலுக்கலுக்கு முன்பே ஒவ்வொருவரிடமும் மூன்று வரிகள் எழுதி வாங்கி, அதைக் குழுவில் எல்லாரும் பார்க்கப் போட்டுவிடுவது நல்லது: உடை அளவு, உண்ணாத பொருள் அல்லது ஒவ்வாமை, வேண்டவே வேண்டாம் என்று நினைக்கும் பரிசு. இந்த மூன்றாவது வரிதான் மற்ற இரண்டையும்விட உதவும். இல்லையென்றால் எட்டில் மூன்று பேருக்குக் காப்பிக் குவளை வந்து சேரும்.

இணையத்தில் வாங்குபவர்கள் பொட்டலத்தை அலுவலக முகவரிக்கு வரவழைத்தால், அது வரவேற்பு மேசையில் வாங்கியவரின் பெயர் ஒட்டப்பட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்ற விவரச் சீட்டோடு அரைநாள் கிடக்கும். அதே பொருள் அடுத்த வாரம் பரிசுத் தாளுக்குள்ளிருந்து வெளிவரும்போது, யாருடையது என்று சொல்லத் தேவையிருக்காது. வீட்டு முகவரிக்கு வரவழைத்து, வெளி உறையையும் விவரச் சீட்டையும் கிழித்தெறிந்துவிட்டு, பெறுபவரின் பெயரை அச்சிட்ட துண்டுத் தாளாக ஒட்ட வேண்டும். ஒரே தளத்தில் நெடுநாள் வேலை செய்தவர்களுக்கு ஒருவர் கையெழுத்து மற்றவருக்கு நன்றாகவே தெரியும். உபசரிப்பு நாளன்று எல்லாப் பரிசுகளையும் ஒரே பெரிய பையில் இட, ஆள் வருவதற்கு முன்பே அந்தப் பையை வீட்டுக்காரரிடம் வைத்துவிடச் சொல்லலாம். தாமதமாக வருபவர் தம் பொட்டலத்தை ஊர் பார்க்கக் கையில் ஏந்தி வராமல், தோள்பையிலேயே கொண்டுவந்து அதில் சேர்த்துவிட வேண்டும்.